புரோநோட்டும் மாற்றுண்டியலும்: முறைப்படி பெற்றவர் யார்?



ஒருவன் ஒரு மாட்டைத் திருடுகிறான். பக்கத்து ஊர்ச் சந்தைக்கு ஓட்டிச் சென்று, நல்ல விலைக்கு ஒரு குடியானவருக்கு விற்றுவிடுகிறான். குடியானவர் யோக்கியர்; அது திருட்டு மாடு என்பது அவருக்குத் தெரியாது; முழு விலையும் கொடுத்தே வாங்கினார். ஒரு வாரம் கழித்து மாட்டின் சொந்தக்காரர் அடையாளம் கண்டு வந்து நிற்கிறார். மாடு யாருக்கு? சொந்தக்காரருக்கே என்கிறது சட்டம். விற்றவனிடம் இல்லாத உரிமை வாங்கியவருக்கு எங்ஙனம் வந்து சேரும்? குடியானவர் தாம் கொடுத்த பணத்துக்கு அந்தத் திருடனைத்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

இது நியாயம் என்றே நமக்கெல்லாம் தோன்றுகிறது. ஆனால், கை மாறிய பொருள் மாடாக இல்லாமல் ஒரு கடன் சீட்டாக இருந்தால், விடை சில சமயங்களில் தலைகீழாக மாறிவிடும். மோசடியால் பெற்ற சீட்டை விற்றவனுக்கு ஒரு காசும் கிடையாது. ஆனால் அவனிடமிருந்து அதை வாங்கியவருக்கு முழுத் தொகையும் உண்டு! கொடுத்தவனைவிட வாங்கியவர் மேலான உரிமை பெறுகிறார். இத்தகைய பேறு யாருக்கு உண்டு, எப்போது உண்டு, எங்கே நின்றுபோகிறது என்பதே இன்று நான் சொல்ல எடுத்துக்கொண்ட பொருள்.

முதலில் சீட்டுகளை அறிந்துகொள்வோம். நம் ஊர்களில் வழங்கும் புரோநோட்டை நீங்கள் பார்த்திருக்கலாம். “இன்று தேதியில் தங்களிடம் நான் ரொக்கமாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் 10,000-ஐ, தாங்கள் வேண்டும்போது, தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது, நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டியுடன் செலுத்துவேனாகவும்” என்பது போல வாசகம் இருக்கும். கீழே வில்லையின் மேல் கையெழுத்து. எழுதிக்கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் ஒருவர்; ஆக இதில் இருவரே.

இந்தச் சீட்டுக்கு உயிர் தருவது ‘செலுத்துவேன்’ என்னும் நிபந்தனையற்ற வாக்குறுதி. “தங்களுக்கு நான் ரூபாய் 10,000 கடன்பட்டிருக்கிறேன்” என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டால் அது கடனை ஒப்புக்கொண்ட கடிதமே யன்றிப் புரோநோட்டு ஆகாது. “விளைச்சல் நன்றாக இருந்தால் தருகிறேன்” என்று எழுதினாலும் ஆகாது. ஏனெனில் விளைச்சல் பொய்க்கவும் கூடும். “பத்தாயிரம் ரூபாயும் இரண்டு மூட்டை நெல்லும் தருகிறேன்” என்றாலும் ஆகாது. பணம் மட்டுமே பேசப்பட வேண்டும், அதுவும் இவ்வளவு என்று நிச்சயமாகத் தெரிய வேண்டும்.

மாற்றுண்டியலில் வாக்குறுதிக்குப் பதிலாகக் கட்டளை இருக்கும். கோயம்புத்தூர் நூல் வியாபாரி ஒருவர், மதுரையிலுள்ள ஜவுளி வியாபாரி ஒருவருக்குக் கடனாக நூல் அனுப்புகிறார். அனுப்பிவிட்டு, “இத்தேதியிலிருந்து மூன்று மாதம் கழித்து இன்ன வங்கிக்கோ அதன் உத்தரவு பெற்றவருக்கோ இவ்வளவு ரூபாய் கொடுக்கவும்” என்று மதுரைக்காரர் பெயருக்கு ஒரு சீட்டு எழுதுகிறார். இதில் எழுதுபவர், கொடுக்க வேண்டியவர், பெறுபவர் என்று மூவர் நிற்கிறார்கள். மதுரைக்காரர் அதன்மேல் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்று கையொப்பமிடும் வரையில் அவருக்கு அந்தச் சீட்டின்படி பொறுப்பில்லை. இட்டுவிட்டாலோ, புரோநோட்டு எழுதிக்கொடுத்தவரைப் போலவே அவர் கட்டுப்பட்டவராகிறார்.

இரண்டிலும் ‘உத்தரவு பெற்றவர்’ என்னும் தொடர் வருவதைக் கவனித்தீர்களா? சீட்டு பிரயாணம் செய்வதற்கு அதுவே அனுமதிச் சீட்டு. பெற்றவர் அதன் பின்புறத்தில் “இன்னாருக்குச் செலுத்தவும்” என்று எழுதிக் கையெழுத்திட்டு, சீட்டை அவர் கையில் கொடுத்துவிடலாம். இதைப் புறக்குறிப்பு என்று புத்தகங்கள் சொல்லும். நம் கடைத்தெருவில் ‘மேடோவர்’ செய்வது என்பார்கள். பெயர் எதுவும் குறிப்பிடாமல் வெறுமனே கையெழுத்து மட்டும் போட்டுவிட்டால், அதன் பிறகு அந்தச் சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருக்கே பணம் என்னும் நிலை வந்துவிடும். இந்த வேறுபாடு பின்னால் நமக்குத் தேவைப்படும்.

இனி, இந்தச் சட்டத்தின் வேர் எங்கே இருக்கிறது என்று பார்ப்போம். அது இங்கிலாந்தில் இருக்கிறது. 1756-ஆம் ஆண்டு டிசம்பர் 11-ஆம் நாள், வில்லியம் ஃபின்னி என்பவர் 21 பவுன் 10 ஷில்லிங்குக்கான பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் நோட்டு ஒன்றைத் தபாலில் அனுப்பினார். கொண்டுவருபவருக்குப் பணம் கொடுக்கத்தக்க நோட்டு அது. அன்றிரவே வழிப்பறிக்காரர் தபாலைக் கொள்ளையிட்டனர். மறுநாள் அந்த நோட்டு மில்லர் என்னும் விடுதிக்காரரிடம் வந்து சேர்ந்தது. அவர் தம் தொழிலின் வழக்கமான போக்கில், முழு மதிப்பும் கொடுத்து, களவு போனதென்று அறியாமல் அதைப் பெற்றார். 13-ஆம் தேதி ஃபின்னி, பணம் கொடுக்க வேண்டாமென்று பாங்குக்குச் சொல்லிவிட்டார். மில்லர் போய்க் கேட்டபோது, ரேஸ் என்ற குமாஸ்தா பணத்தையும் கொடுக்கவில்லை, நோட்டையும் திருப்பித் தரவில்லை. மில்லர் வழக்குத் தொடுத்தார்.

1758-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். நோட்டு மில்லருக்கே உரியது என்றார். அவர் காட்டிய காரணம் நம் சிந்தனைக்கு உரியது. காசுக்கு அடையாளம் கிடையாது, அதனால் திரும்பப் பெற இயலாது என்று சிலர் சொல்வதுண்டு. அது சரியான காரணமன்று என்றார் அவர். காசு நாட்டில் தடையின்றி உலவ வேண்டும். நோட்டும் வியாபாரத்தில் காசைப் போலவே உலவுகிறது. ஆதலால் நாணயமாக விலை கொடுத்துப் பெற்றவரிடமிருந்து அதைப் பறிக்கக் கூடாது என்பதே அவர் கொள்கை. ஒவ்வொரு நோட்டையும் வாங்குமுன் அதன் பிறப்பு வளர்ப்பை யெல்லாம் விசாரிக்க வேண்டுமென்றால், யார்தான் அதைத் தொடுவார்கள்?

இக்கொள்கைதான் நம் நாட்டில் 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தில், 9-ஆவது பிரிவாக அமைந்திருக்கிறது. 1882 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வந்த அச்சட்டமே இன்றும் நம்மை ஆள்கிறது. இத்தகைய சலுகை பெற்றவரை ஆங்கிலத்தில் ‘ஹோல்டர் இன் டியூ கோர்ஸ்’ என்பர். நாம் ‘முறைப்படி பெற்றவர்’ என்று வைத்துக்கொள்வோம். அவரிடம் நான்கு இலக்கணங்கள் பொருந்தியிருக்க வேண்டும். சீட்டு அவர் கைக்கு உரிய வழியில் வந்திருக்க வேண்டும். அதற்கு அவர் பிரதிபலன் கொடுத்திருக்க வேண்டும். தவணை முடிவதற்கு முன்பே பெற்றிருக்க வேண்டும். கொடுத்தவருடைய உரிமையில் குறை உண்டென்று நம்புவதற்குப் போதிய காரணம் அவருக்கு இருந்திருக்கக் கூடாது. இவற்றை வாய்ப்பாடாக மனனம் செய்வதில் பயனில்லை. ஒரு கற்பனை வழக்கை வைத்துக்கொண்டு உரசிப் பார்ப்போம்.

அரிசி ஆலைக்காரர் ஒருவரிடம் நெல் வியாபாரி ஒருவர் வருகிறார். ஒரு கிடங்குக்கு அழைத்துப்போய், அங்கே அடுக்கியிருக்கும் மூட்டைகளைக் காட்டி, “இவ்வளவும் என்னுடையவை, நாளைக்கே லாரியில் ஏற்றி அனுப்புகிறேன்” என்கிறார். ஆலைக்காரர் நம்பி, ஜூன் 3-ஆம் தேதி, மூன்று மாதத் தவணையில், வியாபாரிக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ ரூபாய் 50,000 செலுத்துவதாகப் புரோநோட்டு எழுதிக் கொடுக்கிறார். உண்மையில் அந்த மூட்டைகள் வேறொருவருடையவை. லாரியும் வரவில்லை, நெல்லும் வரவில்லை. சுத்த மோசடி.

அந்த வியாபாரி ஓர் உரக்கடைக்காரருக்கு ரூபாய் 50,000 பாக்கி வைத்திருக்கிறார். ஜூலை 20-ஆம் தேதி, அந்தப் புரோநோட்டின் பின்புறம் உரக்கடைக்காரர் பெயருக்கு மேடோவர் எழுதிக் கொடுக்கிறார். உரக்கடைக்காரர் அதைப் பெற்றுக்கொண்டு, பேரேட்டில் வியாபாரியின் பாக்கியைத் தீர்த்து வரவு வைக்கிறார். நெல் மோசடி அவருக்குத் தெரியாது.

தவணை என்றைக்கு முடிகிறது? ஜூன் 3-இலிருந்து மூன்று மாதம் என்றால் செப்டம்பர் 3. அதற்கு மேல் மூன்று நாள் சலுகை நாட்களைச் சட்டம் கூட்டித் தருகிறது. ஆகவே செப்டம்பர் 6. அன்று உரக்கடைக்காரர் ஆலைக்குப் போய்ப் பணம் கேட்கிறார். “நெல்லே வரவில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும்?” என்கிறார் ஆலைக்காரர்.

நெல் வியாபாரியே வந்து கேட்டிருந்தால் இந்தப் பதில் போதும். மோசடி செய்தவருக்குச் சட்டம் கைகொடுக்காது. உரக்கடைக்காரரிடம் இந்தப் பதில் செல்லாது. அவர் மேடோவர் மூலம் பெற்றார். 50,000 ரூபாய்க் கடனைத் தீர்த்து அதற்கு ஈடு கொடுத்தார். தவணைக்கு ஏழு வாரம் முன்னதாகவே பெற்றார். சந்தேகப்படக் காரணமும் இல்லை. அவர் முறைப்படி பெற்றவர். ஆலைக்காரர் முழுத் தொகையையும் கொடுத்துவிட்டு, நெல் வியாபாரியின்மேல் தனியாக வழக்குத் தொடுத்துத் தம் நஷ்டத்தைப் பெற முயல வேண்டும்.

இது கொடுமை என்று உங்களில் சிலர் எண்ணக்கூடும். ஆலைக்காரரும் குற்றமற்றவர், உரக்கடைக்காரரும் குற்றமற்றவர். இருவரில் ஒருவர் நஷ்டப்பட்டே தீர வேண்டும். யார் படுவது? நெல் வருமுன்னே, கை மாறத்தக்க ஒரு சீட்டை எழுதி, அதை உலவ விட்டவர் ஆலைக்காரர். வியாபாரியை நேரில் பார்த்து நம்பியவரும் அவரே. உரக்கடைக்காரருக்கோ நெல் பேரத்தில் பங்கேயில்லை. ஆகவே முதலில் நம்பியவர் தலையில் பாரம் விழுகிறது.

இப்போது வழக்கைச் சிறிது சிறிதாக மாற்றிப் பார்ப்போம். வியாபாரி தம் மருமகனுக்கு அந்தச் சீட்டை ஆடிச் சீராக, இனாமாக, மேடோவர் செய்து கொடுத்திருந்தால்? மருமகன் ஒன்றும் அறியாதவர்தான். ஆனால் அவர் பிரதிபலன் எதுவும் கொடுக்கவில்லை. கொடுக்காதவருக்கு இழப்பும் இல்லை. ஆலைக்காரர் மோசடியை எடுத்துச் சொல்லி அவரைத் தடுக்கலாம்.

உரக்கடைக்காரர் சீட்டை ஜூலை 20-இல் பெறாமல் செப்டம்பர் 10-இல் பெற்றிருந்தால்? தவணை 6-ஆம் தேதியே கடந்துவிட்டது. பணம் வசூலாகியிருக்க வேண்டிய சீட்டு, வசூலாகாமல் இன்னும் வியாபாரியின் கையில் இருப்பானேன்? தேதியே ஓர் எச்சரிக்கையாகும். தவணை தாண்டிய சீட்டைப் பெறுபவர், கொடுத்தவருக்கு என்ன உரிமை உண்டோ அதையே பெறுவார், மேலாக ஒன்றும் பெறார். வியாபாரிக்கு உரிமை இல்லை. ஆகவே இவருக்கும் இல்லை.

வியாபாரி பின்புறத்தில் ஒன்றும் எழுதாமல், சீட்டை மட்டும் கையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தால்? சீட்டு உரக்கடைக்காரர் பெட்டியில் இருக்கிறது; ஆனால் அது ‘வியாபாரிக்கோ அவர் உத்தரவு பெற்றவருக்கோ’ என்றல்லவா சொல்கிறது? எழுத்தில் உத்தரவு இல்லை. சீட்டை வைத்திருப்பது வேறு, அதற்கு உரியவராவது வேறு. முறைப்படி பெற்றவராவது இருக்கட்டும், தம் பெயரில் பணம் கேட்கும் தகுதியே அவருக்கு இராது.

நான்காவது இலக்கணம்தான் வழக்கு மன்றங்களில் மிகுதியாக வாதிடப்படுவது. ‘நம்புவதற்குப் போதிய காரணம்’ என்றால் என்ன? இங்கேயும் ஒரு பழைய இங்கிலாந்து வழக்கு விளக்கம் தரும். 1824-இல் முடிவான அவ்வழக்கில், களவாடப்பட்ட ஒரு மாற்றுண்டியலை ஒருவன் லண்டனில் உண்டியல் தரகர் ஒருவர் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தான். ஏற்றுக்கொண்டவர் பெயர் நம்பத்தக்கது என்பதை மட்டும் பார்த்துவிட்டு, வந்தவனுடைய பெயரையும் விசாரியாமல், வட்டம் கழித்துப் பணத்தைக் கொடுத்துவிட்டார்கள். தரகர் திருட்டுக்கு உடந்தை அல்லர், பணமும் கொடுத்திருக்கிறார். எனினும், விவேகமுள்ள ஒருவர் சந்தேகப்பட்டிருக்க வேண்டிய இடத்தில் அவர் விசாரிக்கவில்லை என்று சொல்லி, அவருக்கு எதிராகத் தீர்ப்பாயிற்று.

பின்னர் இங்கிலாந்தின் நீதிமன்றங்கள் இந்தக் கண்டிப்பைத் தளர்த்திவிட்டன. அந்நாட்டின் 1882-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவர் நாணயமாக நடந்துகொண்டால் போதும், அசட்டையாக இருந்தாலும் குற்றமில்லை. ஆனால் நம் சட்டத்தின் சொற்கள் வேறு. ‘நாணயமாக’ என்று சொல்லி நிறுத்தாமல், ‘போதிய காரணம் இருந்திருக்கக் கூடாது’ என்கின்றன. நம் உச்ச நீதிமன்றமும் 1990-இல் ஒரு வழக்கில், நம் நாட்டு விதி இங்கிலாந்தின் விதியைவிடக் கண்டிப்பானது என்று எடுத்துக்காட்டியது. ஆகவே “எனக்குத் தெரியாது” என்று சொன்னால் மட்டும் இங்கே போதாது, “தெரிந்திருக்க வேண்டாமா?” என்று நீதிபதி கேட்பார். 50,000 ரூபாய்ச் சீட்டை, அறிமுகமில்லாத ஒருவர் 30,000 ரூபாய்க்குத் தள்ளிவிட அவசரப்படுகிறார் என்றால், அந்த விலையே கேள்வி கேட்கச் சொல்கிறது. அருகிலிருக்கும் ஆலைக்காரரிடம் ஒரு வார்த்தை விசாரித்தால் உண்மை தெரிந்திருக்கும் என்கிறபோது, கண்ணை மூடிக்கொண்டவருக்குச் சலுகை கிடைப்பது அரிது. அதற்காக, உலகிலுள்ள எல்லாவற்றையும் துருவி ஆராய வேண்டும் என்பதும் இல்லை. சந்தேகத்தை எழுப்பக்கூடியது எதிரே இருந்ததா, இருந்தும் பாராமல் விட்டாரா என்பதே கேள்வி.

இவற்றையெல்லாம் யார் நிரூபிப்பது? 118-ஆவது பிரிவு இதற்கு ஒரு நல்ல வழி செய்திருக்கிறது. சீட்டைக் கையில் வைத்து உரிமை கோருபவர் முறைப்படி பெற்றவரே என்று நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். உரக்கடைக்காரர் சீட்டைக் காட்டினால், ஆரம்பத்தில் அதுவே போதும். ஆனால் ஆலைக்காரர், கிடங்கின் உண்மைச் சொந்தக்காரரைச் சாட்சியாக அழைத்து, சீட்டு மோசடியால் பெறப்பட்டது என்று நிரூபித்துவிட்டால், தராசு மறுபக்கம் சாய்கிறது. அப்போது, தாம் ஈடு கொடுத்ததையும், குறை அறியாமல் பெற்றதையும் உரக்கடைக்காரரே காட்ட வேண்டும். ஜூலை 20-ஆம் தேதிய நாள்வழிக் கணக்கும், பாக்கி தீர்த்த பேரேட்டுப் பக்கமும் அவரைக் காப்பாற்றும். வாய்ச்சொல்லை மட்டும் நம்பி வந்தவர் அந்த இடத்தில்தான் தடுமாறுவார்.

முறைப்படி பெற்றவருக்கு எல்லாம் கைகூடிவிடும் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் சலுகைக்கும் எல்லை உண்டு. ஆலைக்காரர் கையெழுத்தையே வியாபாரி கள்ளத்தனமாகப் போட்டிருந்தால், ஆலைக்காரர் வாக்குறுதி கொடுக்கவே இல்லை. கொடாத வாக்கை நிறைவேற்றச் சொல்ல எவராலும் இயலாது. அதுபோலவே, வியாபாரியின் வேலைக்காரன் சீட்டைத் திருடி, வியாபாரி போலப் பின்புறம் கள்ளக் கையெழுத்திட்டு விற்றால், வாங்கியவர் எவ்வளவு நல்லவராயினும் அவருக்கு உரிமை வாராது. கள்ளக் கையெழுத்து உத்தரவாகாது.

“விடுதிக்கார மில்லருக்குத் திருட்டு நோட்டில் உரிமை வந்ததே?” என்று நீங்கள் கேட்கலாம். அது கொண்டுவருபவருக்குக் கொடுக்கத்தக்க நோட்டு. அதைக் கைமாற்ற யாருடைய கையெழுத்தும் வேண்டியிருக்கவில்லை. திருடன் எதையும் கள்ளமாக எழுதவும் நேரவில்லை. பின்புறத்தில் பெயர் குறியாமல் வெறுமனே கையெழுத்திட்டு வைத்த சீட்டு களவு போனால் ஆபத்து எவ்வளவு என்பது இதனால் விளங்கும். இன்னாருக்கு என்று பெயர் எழுதி வைத்த சீட்டோ, தன்னைத் தானே ஓரளவு காத்துக்கொள்கிறது. நம் நாட்டில் தனிப்பட்டவர்கள் ‘கொண்டுவருபவருக்கு’ என்று புரோநோட்டு எழுதுவதையே 1934-ஆம் ஆண்டின் ரிசர்வ் வங்கிச் சட்டம் தடுத்திருக்கிறது. அத்தகைய உரிமையை அது ரிசர்வ் வங்கிக்கும் மத்திய அரசுக்கும் மட்டும் வைத்திருக்கிறது.

எழுதியவர் சம்மதமில்லாமல் தொகையையோ தேதியையோ திருத்திய சீட்டும் அவரைக் கட்டாது. உரிய வில்லை ஒட்டாத புரோநோட்டின் நிலை இன்னும் பரிதாபம். வேறு பல பத்திரங்களில் முத்திரைக் குறைவை அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கும் மாற்றுண்டியலுக்கும் அந்த வழி இல்லை. வில்லை இல்லாத புரோநோட்டை நீதிமன்றம் சாட்சியமாக ஏற்காது.

எல்லாவற்றிலும் மிகுந்த அபாயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். அவசரக் கடன் வாங்குபவரிடம், “வில்லை ஒட்டிய இந்தத் தாளில் கையெழுத்து மட்டும் போடுங்கள், மற்றதைப் பிறகு எழுதிக்கொள்ளலாம்” என்று கேட்பதை நம் ஊர்களில் காணலாம். வாங்கியது 5,000 ரூபாய். தாள் வெற்றுத் தாள். இவ்வாறு கையெழுத்திட்டுக் கொடுப்பவர், அந்த வில்லைக்கு அடங்கிய எந்தத் தொகையையும் நிரப்பிக்கொள்ள மேலோட்டமாக அதிகாரம் கொடுத்தவராகிறார் என்கிறது 20-ஆவது பிரிவு. கடன் கொடுத்தவர் அதில் 50,000 என்று எழுதிக்கொண்டு தாமே வழக்குத் தொடுத்தால், கொடுக்க உத்தேசித்திருந்த 5,000-க்கு மேல் அவருக்குக் கிடைக்காது. ஆனால் அந்த உத்தேசத்தைக் கடனாளி நிரூபிக்க வேண்டும். அதே சீட்டை அவர், ஒன்றுமறியாத மூன்றாமவர் ஒருவருக்கு விலைக்கு மேடோவர் செய்துவிட்டால், அந்த வரம்பும் அற்றுப்போகிறது. முறைப்படி பெற்ற அந்த மூன்றாமவர் 50,000 ரூபாயையும் கேட்கலாம். இப்படிப்பட்ட ஒரு தாளில் உங்கள் தந்தையாரோ தமையனாரோ கையெழுத்திடும் வேளை வந்தால், தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்லி, தேதியும் பெறுபவர் பெயரும் நிரம்பிய பிறகே பேனாவை எடுக்கும்படி சொல்லுங்கள். கடனை அடைத்தவுடன் சீட்டைக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளவும் சொல்லுங்கள். அடைத்த பின்னும் வெளியே உலவும் தவணைச் சீட்டு, தவணைக்குள் வேறொருவர் கைக்குப் போனால் இரண்டாம் முறையும் பணம் கேட்கும்.

உங்கள் சிந்தனைக்கு ஒரு சிறு கணக்கு. நம் உரக்கடைக்காரர், முறைப்படி பெற்ற அந்தப் புரோநோட்டைத் தம் மகளுக்கு இனாமாக மேடோவர் செய்துவிடுகிறார். மகள் பிரதிபலன் எதுவும் கொடுக்கவில்லை. ஆலைக்காரர் அவளைத் தடுக்க முடியுமா? முன்னே மருமகனைத் தடுத்தோம் அல்லவா என்று அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். மருமகன் பெற்றது மோசடி செய்தவரிடமிருந்து. மகள் பெறுவது முறைப்படி பெற்றவரிடமிருந்து. முறைப்படி பெற்றவர் வழியாக உரிமை பெறுபவருக்கும் அவருடைய உரிமையே வந்து சேரும் என்கிறது 53-ஆவது பிரிவு. சேறு கலந்த வாய்க்காலில் ஒருமுறை தெளிந்த நீர், அதற்குக் கீழேயும் தெளிவாகவே ஓடுகிறது. ஆகவே மகளுக்குப் பணம் உண்டு. நாளை வகுப்பில், அந்த மகள் சீட்டை நெல் வியாபாரிக்கே திரும்பக் கொடுத்துவிட்டால் அவருக்கும் உண்டா என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். மோசடி செய்தவர் சுற்றி வந்து தம் குற்றத்தைக் கழுவிக்கொள்ளலாமா என்பதே அக்கேள்வியின் உட்பொருள்.